மருந்தடித்தும் மறுபடி வருகிறதா? ஃபிரிட்ஜ், அடுப்பு, மிக்சிக்குள் கரப்பான் முட்டைப் பையைத் தேடிப் பிடிப்பது

மருந்து அடித்த மறுநாள் காலையில் சீமாறால் கூட்டித் தள்ளும் அளவுக்குச் செத்துக் கிடக்கும். சரி, தொலைந்தது என்று இருந்தால் பத்துப் பதினைந்து நாளில் மிக்சிக்குப் பின்னால் எள்ளு எள்ளாக ஓடும். மருந்தில் கலப்படம் என்று கடைக்காரரைத் திட்டுவதற்கு முன்னால் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். அடித்த மருந்து, அந்த நேரத்தில் வெளியே நடமாடியவற்றைத்தான் கொன்றது. முட்டைப் பையைச் சுமந்துகொண்டிருந்த பெண் கரப்பான், ஃபிரிட்ஜ் மோட்டாருக்குப் பக்கத்தில் வெளியே வராமல் உட்கார்ந்திருந்தது. அந்தச் சமயத்தில் அது இரை தேடவும் அதிகம் வராது. அதன் பை ஒன்றில் 30 முதல் 40 குஞ்சுகள்.

அதனால் வேலை மருந்தில் தொடங்குவதில்லை. எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதில்தான் தொடங்குகிறது.

முதலில்: எந்தக் கரப்பான்?

இதைப் பார்க்காமல் ஃபிரிட்ஜைக் கழற்றினால் பாதி வேலை வீண். நம் வீடுகளில் பெரும்பாலும் இரண்டு வகை, அரிதாக மூன்றாவது.

கட்டைவிரல் நீளத்துக்கு, செம்பழுப்பாக, குளியலறைச் சாக்கடை மூடியிலிருந்து வருவது பெரிய கரப்பான். அமெரிக்கக் கரப்பான் என்பார்கள். அதன் குடியிருப்பு சாக்கடையும் செப்டிக் டேங்க்கும்தான். சமையலறைக்கு அது விருந்தாளி. அதற்காக ஃபிரிட்ஜைத் திறக்க வேண்டியதில்லை. சிங்க் குழாய் சுவருக்குள் போகும் ஓட்டையையும் தரைச் சல்லடையையும் பாருங்கள்.

சின்னது, ஒன்றரை சென்டிமீட்டருக்குள், இளம்பழுப்பு, தலைக்குப் பின்னால் முதுகில் இரண்டு கறுப்புக் கோடு இருந்தால் அது ஜெர்மன் கரப்பான். மின்சாமான்களுக்குள் குடியேறுவது பெரும்பாலும் இதுதான். இந்தக் கட்டுரை முழுக்க இதைப் பற்றித்தான். குஞ்சாக இருக்கும்போது கறுப்பாக, முதுகு நடுவில் வெளிறிய பட்டையோடு இருக்கும். வேறு பூச்சி என்று நினைத்துவிடாதீர்கள்.

மூன்றாவது வகைக்கு இறக்கையின் குறுக்கே வெளிறிய பட்டைகள் இருக்கும். ஈரம் அதற்கு அவ்வளவாக வேண்டாம். அட்டாலி, சுவர்க் கடிகாரத்தின் பின்புறம், டிவிக்குள் என்று உயரத்தில், காய்ந்த சூடான இடத்தில் தேட வேண்டும்.

முட்டைப் பையிலும் வித்தியாசம் உண்டு. அதுதான் இந்த விஷயத்தில் எல்லோரும் தவறவிடும் இடம். பெரிய கரப்பான் தன் பையைக் கறுப்புப் பயறு போல எங்காவது ஒட்டிவிட்டுப் போய்விடும். அது பொரிய வாரக்கணக்காகும். ஆகவே ஒட்டிக் கிடக்கும் பையைச் சுரண்டி எடுத்து நசுக்கினால் அத்தனையும் அழிந்தது. மூன்றாவது வகையான பட்டைக் கரப்பானும் இப்படித்தான் ஒட்டும். அதன் பை சிறியது, 5 மி.மீ. அளவு.

ஜெர்மன் கரப்பான் அப்படிச் செய்யாது. பையை வால் பக்கம் பாதி வெளியே நீட்டிக்கொண்டே மூன்று நான்கு வாரம் சுமக்கும். பொரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்புதான் கழற்றிவிடும். எனவே ஃபிரிட்ஜுக்கு அடியில் இளம்பழுப்பாக, புழுங்கல் அரிசி மணியைவிடக் கொஞ்சம் பருமனாக, 6 முதல் 9 மி.மீ. நீளத்தில் நீங்கள் பொறுக்கும் பைகள் அனேகமாகக் காலியானவை. அவற்றை அழித்ததால் கூட்டம் குறையாது. ஆனால் அவை விலை மதிப்பில்லாத தடயம். பை விழுந்து கிடக்கும் இடத்திலிருந்து ஒரு முழத்துக்குள் கூடு இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு தேடலாம்.

கிடைத்த பை காலியா முழுசா என்று பார்க்க, டார்ச் முன்னால் பிடியுங்கள். உடம்பில் குறுக்கே வரிவரியாகவும், ஒரு விளிம்பில் தையல் போட்டது போலவும் இருக்கும். குஞ்சுகள் அந்தத் தையலைப் பிளந்துதான் வெளியே வரும். வந்த பின் அது மறுபடி மூடிக்கொள்ளும். அதனால் வாய் திறந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். காலிப் பையில் வெளிச்சம் ஊடுருவும், நகத்தால் அழுத்தினால் வெங்காயத் தோல் மாதிரி நொறுங்கும். முழுப் பை உப்பலாக இருக்கும், நசுக்கினால் ஈரம் வரும். எதுவானாலும் குப்பைக்கூடையில் போடாமல், சோப்புத்தூள் கலந்த கொதிதண்ணீர்ப் போசியில் போடுங்கள். பையோடு செத்த பெண் கரப்பானையும் அப்படியே. பொரியும் தறுவாயில் இருந்த பை, தாய் செத்த பிறகும் பொரியும்.

தேடுவதற்கு என்ன வேண்டும்

டார்ச், ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், கெட்டியான பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை ஒன்று, வெள்ளைத்தாள், ஹேர் டிரையர் இருந்தால் நல்லது, ஐந்தாறு பசைப் பொறி அட்டைகள். பசைப் பொறி என்பது எலிக்கு வைப்பது அல்ல. கரப்பானுக்கென்று கூடாரம் மாதிரி மடிக்கும் சின்ன அட்டை.

நாம் தேடும் இடத்துக்கு மூன்று குணம் உண்டு: இளஞ்சூடு, பக்கத்தில் தண்ணீர், முதுகும் வயிறும் ஒரே நேரத்தில் உரசும் சந்து. வளர்ந்த ஜெர்மன் கரப்பான் 5 மி.மீ. சந்தை விரும்பும். குஞ்சுக்கு ஒன்றரை மி.மீ. போதும், இரண்டு ஏடிஎம் கார்டை அடுக்கினால் அந்தத் தடிமன்தான். அத்தனை சிறிய சந்தையும் சந்தேகப்பட வேண்டும்.

இருக்கிறது என்பதற்கு அடையாளம் எச்சம். மிளகைப் பொடித்துத் தூவியது போல, அல்லது கறுப்பு மைப்பேனாவால் புள்ளி வைத்தது போல இருக்கும். ஈரத்துணியால் தொட்டால் பழுப்பாகக் கரைந்து இழுபடும். எச்சத்தில் மற்ற கரப்பான்களை அங்கே கூப்பிடும் வாசனை உண்டு. அதனால் பூச்சியைக் கொன்றுவிட்டு எச்சத்தைத் துடைக்காமல் விட்டால் அந்தச் சந்து காலியாகவே இருக்காது.

விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து, டார்ச் மேல் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிக்கொண்டு போங்கள். சிவப்பு வெளிச்சம் அவற்றின் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, உடனே ஓடாது. எந்தப் பக்கம் திரும்பிப் போகிறது என்று நின்று பார்க்கலாம்.

அறிகுறி 1: ஃபிரிட்ஜ் பக்கம் பகலிலேயே சின்னக் குஞ்சுகள்

குஞ்சுகள் பிறந்த இடத்தை விட்டு வெகுதூரம் போகாது. பகலில் வெளியே தெரிகிறது என்றால் உள்ளே இடம் போதவில்லை. ஃபிரிட்ஜைத் திறந்தே பார்க்க வேண்டிய கட்டம்.

ஸ்டெபிலைசரை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிப் பத்து நிமிடம் விடுங்கள். கெப்பாசிட்டரிலும் இன்வெர்ட்டர் வகை ஃபிரிட்ஜின் போர்டிலும் பிளக் பிடுங்கிய பின்னும் மின்சாரம் கொஞ்ச நேரம் தேங்கியிருக்கும். கதவில் உள்ள பாட்டில்களை எடுத்துவிட்டு நேராக முன்னால் இழுங்கள். சாய்க்க வேண்டாம். சாய்க்க நேர்ந்தால் நிமிர்த்தி வைத்துச் சில மணி நேரம் கழித்தே மறுபடி ஓட விடுங்கள். கம்ப்ரஸர் ஆயில் குழாய்க்குள் ஏறியிருந்தால் கீழே இறங்க வேண்டும்.

பின்பக்கம் கீழே கம்ப்ரஸர் அறை. சிலவற்றில் நாலைந்து ஸ்க்ரூவில் அட்டை மூடி இருக்கும், சிங்கிள் டோர் பழையவற்றில் திறந்தே கிடக்கும். மூடியைக் கழற்றியதும் உள்ளே பார்க்காதீர்கள். மூடியின் உள்பக்கத்தைப் பாருங்கள். எச்சம் முதலில் தெரிவது அங்கேதான்.

கம்ப்ரஸர் உருண்டையின் மேலேயே கூடு இருக்காது. ஓடும்போது கைவைக்க முடியாத சூடு. அதைச் சுற்றிய இடங்கள்தான் சரியான இளஞ்சூடு. அதன் தலைக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் தட்டு இருக்கும். ஃபிரிட்ஜுக்குள் உருகும் தண்ணீர் குழாய் வழியே வந்து இதில் விழுந்து, கம்ப்ரஸர் சூட்டில் ஆவியாகிப் போகும். நம்மில் பலர் ஃபிரிட்ஜ் வாங்கியதிலிருந்து இந்தத் தட்டைப் பார்த்ததே இல்லை. இருட்டு, சூடு, வற்றாத தண்ணீர் மூன்றும் ஒரே இடத்தில். சாப்பாடில்லாமல் ஒரு மாதம்கூடத் தாக்குப் பிடிக்கும் ஜெர்மன் கரப்பான், தண்ணீர் இல்லாமல் இரண்டு வாரத்துக்குமேல் தாங்குவது கஷ்டம். அதனால் இந்தத் தட்டுதான் கூட்டத்தின் கிணறு. தட்டு கழன்றால் கழற்றிக் கழுவுங்கள். கழலாவிட்டால் பழைய துணியை விட்டு ஒற்றி எடுங்கள். தட்டின் அடிப்புறத்துக்கும் கம்ப்ரஸருக்கும் நடுவே உள்ள விளிம்பில் பைகள் சிக்கியிருக்கும்.

அடுத்தது கம்ப்ரஸர் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் சின்ன பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே ரிலேயும் ஓவர்லோடும். கரப்பான் இதற்குள் புகுந்தால் காண்டாக்ட்டுக்கு நடுவே செத்து ஒட்டும், எச்சம் படியும். கம்ப்ரஸர் ஸ்டார்ட் ஆகாமல் "டிக்… டிக்…" என்று விட்டுவிட்டுச் சத்தம் வரும். வோல்டேஜ் குறைவாலும் ரிலே தேய்ந்தாலும் இதே சத்தம்தான் வரும், அதனால் சத்தத்தை மட்டும் வைத்துப் பழி போட முடியாது. பெட்டியின் ஓரத்தில் மிளகுப் புள்ளி இருந்தால் மெக்கானிக்கைக் கூப்பிட்டு அந்தப் பெட்டியை மட்டும் திறந்து சுத்தம் செய்யச் சொல்லுங்கள். இதை வீட்டில் நீங்களே திறக்க வேண்டாம்.

குழாய்களும் ஒயர்களும் ஃபிரிட்ஜ் உடம்புக்குள் போகும் ஓட்டைகளைப் பாருங்கள். அங்கே ரப்பர் வாஷர் காய்ந்து விலகியிருந்தால் பின்னால் இருக்கும் நுரைப் பஞ்சு ஓரத்தில் குடியிருக்கும். பத்திரிகை அட்டையை மெதுவாக நுழைத்து இழுத்தால் உரித்த தோல்களும் பைகளும் சேர்ந்து வரும். கம்பி, கத்தி எதையும் நுழைக்காதீர்கள். இப்போது வரும் பல ஃபிரிட்ஜுகளில் தீப்பிடிக்கும் வாயு (R600a) இருக்கிறது. மெல்லிய செம்புக் குழாயில் ஒரு கீறல் போதும். அதே காரணத்தால் டின் ஸ்ப்ரேயை இந்த அறைக்குள் அடிப்பதும் கூடாது.

இத்தனையும் பார்த்து ஒன்றும் இல்லையா? அப்போது ஸ்டாண்டைப் பாருங்கள். நம் ஊரில் ஃபிரிட்ஜைத் தரையில் வைப்பவர்கள் குறைவு; நாலுகால் ஸ்டாண்டில்தான் வைப்போம். அதன் சட்டமும் காலும் உள்ளே வெற்றாக இருக்கும் குழாய். முனையில் போட்ட பிளாஸ்டிக் மூடி ஒன்று கழன்று விழுந்தால் போதும், மேலே மோட்டார் சூடு, கீழே கூட்டாத தரையில் சிந்திய சோறு. அந்தக் குழாய் முழுக்க அடுக்கடுக்காக உட்கார்ந்திருக்கும். ஃபிரிட்ஜை இறக்கிவிட்டு ஸ்டாண்டை வாசலுக்குக் கொண்டுபோய் ஒவ்வொரு குழாயிலும் கொதிக்கும் தண்ணீரை ஊற்றுங்கள். முட்டைப் பைக்குள் மருந்து இறங்காது, கொதிநீர் இறங்கும். காய்ந்த பிறகு புது மூடி போடுங்கள், இல்லாவிட்டால் சிலிக்கான் வைத்து அடையுங்கள்.

அறிகுறி 2: கதவைத் திறந்தால் உள்ளேயே கரப்பான்

குளிரில் அது குடும்பம் நடத்தாது, மந்தமாகிவிடும். உள்ளே காண்பது வழிதவறியது. கதவு ரப்பர் மடிப்பில்தான் அதன் இடம். கீல் பக்கத்து மடிப்பை விரலால் விரித்து, கீழ் மூலையிலிருந்து மேலே டார்ச் அடித்துக்கொண்டே போங்கள். ஒட்டிய பால், மாவு, குழம்புச் சொட்டு அங்கேதான் நிற்கும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை நனைத்துத் தேயுங்கள். பிறகு கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். எங்கே தாள் தடையில்லாமல் வருகிறதோ அங்கே ரப்பர் பிடிக்கவில்லை, அதுவே வாசல்.

மேல் கீலை மூடியிருக்கும் பிளாஸ்டிக் மூடியையும் மறக்க வேண்டாம். டபுள் டோரில் அதற்குள் ஒயர் போகும். சின்ன அறை மாதிரி இருக்கும்.

அறிகுறி 3: அடுப்புத் தீ மஞ்சளாக எரிகிறது, போசியின் அடியில் கரி பிடிக்கிறது

பர்னர் ஓட்டை அடைத்திருக்கிறது என்று ஊசியால் குத்திப் பார்த்தும் சரியாகவில்லை என்றால், அடைப்பு பர்னரில் இல்லை. அதற்குக் கீழே போகும் மிக்சிங் ட்யூப்பில் இருக்கலாம். கேஸும் காற்றும் கலக்கும் குழாய் அது. செத்த குஞ்சு, உரித்த தோல், முட்டைப் பை எதுவானாலும் உள்ளே கிடந்தால் காற்று போதாமல் தீ மஞ்சளாகும். சிலசமயம் பற்றவைக்கும்போது "டப்" என்று உள்பக்கம் வெடித்து, கேஸ் வரும் துளையான ஜெட் அருகில் தீ எரியும். அப்படி ஆனால் உடனே நாப்பை மூடிவிடுங்கள்.

ரெகுலேட்டரை மூடிச் சிலிண்டரிலிருந்து கழற்றுங்கள். அடுப்பு நன்றாக ஆறட்டும். பர்னர் தலையைத் தூக்கி எடுத்துவிட்டு, டார்ச்சை மேலிருந்து ட்யூப்புக்குள் அடித்து, கீழே காற்று நுழையும் துவாரம் வழியாகப் பாருங்கள். வெளிச்சம் முழு வட்டமாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் பால்பாட்டில் கழுவும் மெல்லிய பிரஷ்ஷை மேலிருந்து விட்டுச் சுழற்றி எடுங்கள். ஜெட்டில் எதையும் குத்த வேண்டாம். அந்தத் துளை கொஞ்சம் பெரிதானாலும் கேஸ் கூடுதலாக வரும். பிறகு தீ என்றைக்கும் மஞ்சள்தான்.

அடுப்புக்குள் கூடு இருப்பது எரியும் இடத்தில் அல்ல. அடுப்பைப் பின்னால் தூக்கி நிறுத்திப் பார்த்தால், தகட்டை உள்ளே மடித்திருக்கும் ஓரம் சுற்றிலும் ஒரு வாய்க்கால் போல ஓடும். தேங்காயெண்ணெயும் பொங்கி வழிந்த பாலும் வந்து சேர்வது அங்கே. கண்ணாடி அடுப்பில், கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவில் உள்ள சந்து, நாப்புக்குப் பின்னால் தண்டு போகும் ஓட்டை, ஆட்டோ இக்னிஷன் இருந்தால் பேட்டரிப் பெட்டி, ரப்பர்க் காலின் குழி. இவை போதும். ஹேர் டிரையரை ஒரு பக்கத்திலிருந்து ஊதி, மறுபக்கம் வெள்ளைத்தாளும் பசைப் பொறியும் வைத்தால் உள்ளே இருப்பது தானே வெளியே வரும். இதைச் சிலிண்டர் இணைப்பைக் கழற்றிய பின்தான் செய்ய வேண்டும்.

கேஸ் ட்யூப்புக்குத் துணியோ பிளாஸ்டிக் உறையோ போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். கரப்பானுக்கு அது சுரங்கப்பாதை. நமக்கு ட்யூப்பின் விரிசலை மறைக்கும் திரை. எல்லாம் மாட்டிய பிறகு இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் குமிழ் வருகிறதா என்று பார்த்துவிட்டே பற்றவையுங்கள்.

அறிகுறி 4: மிக்சி ஓடும்போது தீய்ந்த வாடை, அடியில் மிளகுப் பொடி போலத் தூள்

மிக்சியைக் கவிழ்த்துப் பாருங்கள். காற்றோட்டத்துக்கு விட்ட சல்லடை ஓட்டைகளின் ஓரத்தில் புள்ளிகள் இருந்தால் உள்ளே குடியிருக்கிறது. உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர்க் காலுக்குள் இருக்கும் குழி, ஜார் உட்காரும் கப்ளருக்கு அடியில் மசாலாத் தண்ணீர் வழிந்த பள்ளம் இரண்டும் அடுத்தவை. பிளக்கைப் பிடுங்கி அடி ஸ்க்ரூக்களைக் கழற்றி, மூடியின் உள்பக்கத்தைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். மோட்டார்ச் சுருளில் தண்ணீரோ ஸ்ப்ரேயோ படக்கூடாது. சுருள் மேல் படும் எண்ணெய் மருந்து அடுத்த முறை ஓடும்போது புகையும்.

கோயம்புத்தூர் கிரைண்டர் இல்லாத வீடு இந்தப் பக்கம் ஏது? டேபிள்டாப் ஆனாலும் பெரிய டில்டிங் ஆனாலும் குற்றவாளி ஒன்றே: உருளைப் பாத்திரத்தின் மையத் தண்டு வழியாக மாவு அடியில் சொட்டி, மோட்டார் அறைத் தரையில் அப்பளம் போலக் காய்ந்திருக்கும். அரிசிமாவும் உளுந்தும் கரப்பானுக்கு எதைவிடவும் இஷ்டம். அடித்தகட்டைக் கழற்றி, அந்த அப்பளத்தைப் பழைய கரண்டியால் சுரண்டி எடுக்காமல் எந்த மருந்து வைத்தும் பயனில்லை. மருந்தைவிட மாவுதான் ருசி.

அறிகுறி 5: மைக்ரோவேவ் கடிகாரக் கண்ணாடிக்குள் கரப்பான் நடக்கிறது

நேரம் காட்டும் பலகைக்குப் பின்னால் இளஞ்சூடு எந்நேரமும் உண்டு. இந்தப் பெட்டியை மட்டும் வீட்டில் திறக்கவே கூடாது. உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் பிளக் பிடுங்கிய பின்னும் ஆளைக் கொல்லும் வோல்டேஜைத் தேக்கி வைத்திருக்கலாம். சுற்றிலும் பொறி வைத்து, கரப்பான் தின்று சாகும் மருந்து ஜெல் வைத்து, வெளியே வரவழைத்துத்தான் பிடிக்க வேண்டும்.

இன்டக்ஷன் அடுப்பின் ஃபேன் ஓட்டை, ஆர்.ஓ. பெட்டியின் பின்புறம், சுவரில் மாட்டிய ஸ்டெபிலைசர் மூன்றிலும் இதே கதை. ஸ்டெபிலைசரை யாரும் நினைப்பதில்லை. இருபத்துநாலு மணி நேரமும் டிரான்ஸ்ஃபார்மர் சூட்டில் இருக்கும் பெட்டி அது. மார்கழிக் குளிரில் கரப்பானுக்குக் கம்பளி. சுவரிலிருந்து இறக்கி, அது மாட்டியிருந்த சுவரில் புள்ளி இருக்கிறதா பாருங்கள்.

சாமானை வெயிலில் வைத்தால் செத்துவிடும் என்று மொட்டை மாடிக்குத் தூக்கிப் போகிறவர்கள் உண்டு. மேல்தகடு சுட்டாலும் உள்ளே 50 டிகிரிக்கு மேல் போய் நின்றால்தான் முட்டை சாகும். பெரும்பாலும் நடப்பது, சூடு தாங்காமல் அவை இன்னும் உள்ளே போவது.

எங்கே வைத்தால் சாகும்

கூடு தெரிந்த பிறகு ஜெல் வைப்பது சுலபம். கடுகுக்கும் மிளகுக்கும் நடுவான பொட்டு, ஒரு சந்துக்கு இரண்டு மூன்று. ஃபிரிட்ஜ் அடிக்கு மொத்தம் ஆறு முதல் எட்டு. பெரிய கட்டியாக ஒரே இடத்தில் பிதுக்கினால் மேல்தோல் காய்ந்து வீணாகும். கம்ப்ரஸர் மேலும், சர்க்யூட் போர்டிலும், சாப்பாடு படும் பரப்பிலும் வைக்கக் கூடாது. அட்டைத் துண்டில் பொட்டு வைத்து அதை ஒட்டினால் பிறகு எடுக்க வசதி. ஜெல் வைத்த இடத்தில் ஸ்ப்ரேயோ சாக்பீஸ் மருந்தோ போடாதீர்கள். அந்த வாடையில் ஜெல்லைத் தொடாமல் சிதறி, இதுவரை இல்லாத கடிகாரத்துக்குள்ளும் குடிபோய்விடும்.

கேரம் போர்டு பவுடர் தூவச் சொல்வார்கள். போரிக் அமிலம் என்று டப்பாவில் எழுதியிருந்தால்தான் பயன். வெறும் வழுக்குப் பவுடரும் அதே பெயரில் விற்கிறது. ஊதினால் பறக்கும் அளவுக்கு மெல்லிசாக, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் சுவர் ஓரத்தில் மட்டும். குவித்தால் சுற்றிக்கொண்டு போய்விடும். குழந்தை தவழும் வீட்டில் வேண்டாம்.

ஒரு சமையலறையைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்

திருப்பூரில் ஒரு லைன் வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்துக்கு எட்டடிச் சமையலறை. ஸ்டாண்டில் சிங்கிள் டோர் ஃபிரிட்ஜ், மேடையில் மிக்சியும் ரெண்டு பர்னர் அடுப்பும். மருந்தடித்து இரண்டு வாரம் ஆகிறது, குஞ்சுகள் ஓடுகின்றன. ஆறு பசைப் பொறிகளில் தேதி எழுதி மூன்று இரவு வைக்கிறோம். ஃபிரிட்ஜின் இடது காலடியில் 31, வலது காலடியில் 12, மிக்சிக்குப் பின்னால் 9, அடுப்புக்குப் பின்னால் 5, சிங்க் அடியில் 3, அட்டாலியில் ஒன்றுமில்லை.

மொத்தத்தைவிட, எத்தனை குஞ்சு என்பதைத்தான் எண்ண வேண்டும். இடது காலடி 31-இல் 27 குஞ்சு. மிக்சி 9-இல் குஞ்சு ஒன்றே ஒன்று. அப்படியென்றால் மிக்சி வெறும் சாப்பாட்டு இடம். கூடு ஃபிரிட்ஜின் இடப்பக்கம். மிக்சியைக் கழற்ற வேண்டியதில்லை, துடைத்தால் போதும். பொறி இல்லாமல் கண்ணால் மட்டும் பார்த்திருந்தால் மேடைமேல் ஓடுவதைப் பார்த்து மிக்சியைத்தான் பிரித்திருப்போம்.

இழுத்துப் பார்த்தால் இடது முன்காலில் மூடி இல்லை. தட்டில் தண்ணீர், அதன் விளிம்பில் ஏழெட்டுக் காலிப் பை. ஸ்டாண்டுக்குக் கொதிநீர், தட்டைக் கழுவல், எச்சம் துடைத்தல், பிறகு எட்டுப் பொட்டு ஜெல். ஸ்ப்ரே கிடையாது.

ஏழாம் நாள் புதுப் பொறிகளில் மொத்தம் 11. இருபத்தோராம் நாள் 6, ஆறுமே மூன்று மி.மீ. புதுக்குஞ்சு. இங்கேதான் பலர் தோற்றுவிட்டதாக நினைத்து மறுபடி ஸ்ப்ரேயைக் கையில் எடுப்பார்கள். எடுக்கக் கூடாது. ஜெல் வைத்த அன்று பையோடு பட்டினி கிடந்த ஒன்றிரண்டு தாய்களின் குஞ்சுகள் இவை. வளர்ந்தது ஒன்றுகூட இல்லாமல் புதுக்குஞ்சு மட்டும் இருப்பது நல்ல அறிகுறி. காய்ந்த ஜெல்லைச் சுரண்டிவிட்டுப் புதிதாக வைத்தால் போதும். குஞ்சு வளர்ந்து முட்டை போட நம் சூட்டில் ஒன்றரை மாதமாவது ஆகும், அதற்குள் தின்றுவிடும். ஜெல் தொடாமலே கிடந்து குஞ்சும் குறையவில்லை என்றால் வேறு மருந்து உள்ள ஜெல்லுக்கு மாறுங்கள். சில கூட்டங்கள் ஜெல்லில் உள்ள குளுக்கோஸ் இனிப்பையே ஒதுக்கப் பழகியிருக்கும்.

நாற்பத்திரண்டாம் நாள் ஃபிரிட்ஜ் பொறிகள் காலி. ஆனால் சிங்க் அடிப் பொறியில் வளர்ந்த ஜெர்மன் கரப்பான் இரண்டு, குஞ்சு இல்லை. இது நம் வீட்டில் பிறந்ததல்ல. லைன் வீட்டில் சுவர் பொதுச் சுவர். தண்ணீர்க் குழாய் பக்கத்து வீட்டுக்குப் போகும் ஓட்டையைச் சுற்றி விரல் நுழையும் சந்து இருக்கும். அதைச் சிமெண்டில் அடைத்துவிட்டு, அந்தப் பொறியை மட்டும் அங்கேயே இன்னும் ஒரு மாதம் விட்டு வையுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஃபிரிட்ஜை மாற்றுகிறேன், பழையதை எடுத்துக்கங்க என்று குட்டியானையில் ஏற்றிக் கொடுத்தால், வாசலிலேயே நிறுத்திப் பின்மூடியைக் கழற்றிப் பார்த்த பிறகு உள்ளே எடுங்கள்.